எட்டு அணி, ஏழு சுற்று: ரவுண்ட் ராபின் அட்டவணை ஐந்தாவது சுற்றில் ஏன் சிக்குகிறது?

"பள்ளிப் போட்டிக்கு எட்டு அணிகள் பெயர் கொடுத்திருக்கின்றன. ஒவ்வொரு அணியும் மற்ற எல்லா அணிகளோடும் ஒரு முறை ஆட வேண்டும். ஒரு சுற்றில் ஓர் அணிக்கு ஓர் ஆட்டம்தான். எண்களை இரண்டு வரிசையாக எழுதிச் சுழற்றிப் பார்த்தேன். நான்கு சுற்று ஒழுங்காக வந்தது, ஐந்தாவதில் முதல் சுற்றே திரும்ப வந்து நிற்கிறது. எங்கே தவறு? கடைசி நேரத்தில் ஓர் அணி விலகி ஏழானால் என்ன செய்வது?"

எட்டு எண்களையும் சேர்த்துச் சுழற்றியிருக்கிறீர்கள். அதுதான் தவறு. ஓர் எண் அசையாமல் நிற்க வேண்டும், மற்ற ஏழும் அதைச் சுற்றி நகர வேண்டும்.

எட்டையும் சுழற்றினால் என்ன ஆகிறது என்று 1-ஆம் அணியை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். முதல் சுற்றில் அதற்கு எதிரே 8. ஓர் இடம் நகர்த்தினால் 6, அடுத்து 4, அடுத்து 2. ஐந்தாவது முறை மறுபடியும் 8. அதாவது ஒற்றைப்படை எண் உள்ள அணிகளுக்கு எதிரே இரட்டைப்படை அணிகள் மட்டுமே வருகின்றன. 1-உம் 3-உம், 2-உம் 6-உம் எத்தனை முறை சுழற்றினாலும் சந்திக்காது. நீங்கள் எழுதிய நான்கு சுற்றில் 16 ஆட்டம் தேறும். வேண்டியது 28. விடுபட்ட 12 ஆட்டமும் ஒற்றைக்குள் ஒற்றை, இரட்டைக்குள் இரட்டை ஆட வேண்டியவை.

28 என்ற கணக்கு எளிது. எட்டு அணிகளில் ஒவ்வொன்றும் ஏழு பேரோடு ஆடுகிறது, 8 × 7 = 56. ஓர் ஆட்டம் இரு அணிகளின் கணக்கிலும் ஏறுவதால் பாதியாக்கினால் 28. ஒரு சுற்றில் எட்டு அணிகளும் ஆடினால் நான்கு ஆட்டம், ஆகவே ஏழு சுற்று. இதற்குக் குறைவாக முடியாது, சரியாகப் போட்டால் இதற்கு மேலும் தேவைப்படாது.

இனி சரியான சுழற்சி. 1-ஐ மேல் வரிசையின் இடது மூலையில் எழுதுங்கள். மேலே இடமிருந்து வலமாக 2, 3, 4. கீழே 8, 7, 6, 5. மேலும் கீழுமாக நிற்பவர்கள் மோதுகிறார்கள்.

```
1  2  3  4
8  7  6  5
```

முதல் சுற்று: 1–8, 2–7, 3–6, 4–5. அடுத்த சுற்றுக்கு 1-ஐத் தொடாதீர்கள். 1-க்குக் கீழே நிற்கும் 8 மேலேறி 1-க்கு வலப்பக்கம் வருகிறது. மேல் வரிசையில் இருந்த 2-உம் 3-உம் ஓரிடம் வலப்பக்கம் தள்ளிப்போகின்றன. வலது மூலையில் இருந்த 4 கீழே இறங்குகிறது. கீழ் வரிசை முழுக்க ஓரிடம் இடப்பக்கம் நகர்கிறது.

```
1  8  2  3
7  6  5  4
```

இரண்டாவது சுற்று: 1–7, 8–6, 2–5, 3–4. இதே போல ஏழு சுற்றும் எழுதினால் இப்படி வரும்:

```
சுற்று 1:  1–8  2–7  3–6  4–5
சுற்று 2:  1–7  8–6  2–5  3–4
சுற்று 3:  1–6  7–5  8–4  2–3
சுற்று 4:  1–5  6–4  7–3  8–2
சுற்று 5:  1–4  5–3  6–2  7–8
சுற்று 6:  1–3  4–2  5–8  6–7
சுற்று 7:  1–2  3–8  4–7  5–6
```

ஏழாவது முறை சுழற்றினால் தொடங்கிய நிலைக்கே திரும்பும். அப்படித் திரும்பினால் நடுவில் எங்கும் இடறவில்லை என்று பொருள். 1-க்கு எதிரே வரும் எண் 8, 7, 6, 5 என்று ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வர வேண்டும். அது மாறிய இடத்தில்தான் கை தவறியிருக்கும். பெரும்பாலும் வலது மூலையில் தவறுகிறது: மேல் வரிசையை நகர்த்திவிட்டு, மூலையில் இருந்த எண்ணைக் கீழே இறக்க மறந்துவிடுகிறார்கள். சதுரங்கப் போட்டிகளில் பயன்படும் பெர்கர் அட்டவணையும் இதே அடிப்படையில் போடப்பட்டதுதான். அங்கே அசையாமல் நிற்பது கடைசி எண்.

இது ஏன் தவறுவதில்லை என்பது தெரிந்திருந்தால், சரிபார்ப்பதும் சுலபமாகிவிடும். 1-ஐ ஒதுக்கிவிட்டு, ஒரு சுற்றில் மோதும் இரு எண்களையும் கூட்டி 7-ஆல் வகுத்து மீதியைப் பாருங்கள். மூன்றாவது சுற்றில் 7 + 5 = 12, மீதி 5. 8 + 4 = 12, மீதி 5. 2 + 3 = 5, மீதி 5. அந்தச் சுற்றில் 1-ஓடு ஆடுவது 6. அந்த எண்ணை மட்டும் இரட்டிப்பாக்குங்கள்: 12, அதற்கும் மீதி 5. ஒரு சுற்றுக்கு ஒரே மீதி. ஏழு சுற்றுகளுக்கும் வரிசையாக 2, 0, 5, 3, 1, 6, 4. ஏழும் வேறு வேறு. இரண்டு அணிகளைக் கூட்டினால் ஒரே ஒரு தொகைதான், அதற்கு ஒரே மீதிதான், ஆகவே அவை சந்திக்கும் சுற்றும் ஒன்றே ஒன்றுதான். மறுபடி சந்திக்க வழியே இல்லை, சந்திக்காமல் போகவும் வழியில்லை. அட்டவணையைக் கணினியில் தட்டச்சு செய்திருந்தால் A, B நிரல்களில் இரு எண்களையும் வைத்துப் பக்கத்தில் இதைப் போடலாம்:

```
=MOD(A2+B2,7)
```

ஒரு சுற்றின் மூன்று வரிகளிலும் ஒரே விடை வராவிட்டால் அங்கே தட்டச்சுப் பிழை இருக்கிறது. 1 வரும் வரியில் மட்டும் எதிரணியின் எண்ணை இரண்டு கட்டத்திலும் போட வேண்டும்.

கணினி இல்லாமல் தாளில் சரிபார்க்க, எட்டுக்கு எட்டு கட்டம் போட்டு, இரு அணிகள் சந்திக்கும் கட்டத்தில் சுற்றின் எண்ணை எழுதுங்கள். 5-ஆம் அணியின் வரிசையைப் பார்த்தால் 1-ஓடு நான்காவது சுற்று, 2-ஓடு இரண்டாவது, 3-ஓடு ஐந்தாவது, 4-ஓடு முதல், 6-ஓடு ஏழாவது, 7-ஓடு மூன்றாவது, 8-ஓடு ஆறாவது. ஒன்று முதல் ஏழு வரை எல்லாம் ஒரு முறை வந்துவிட்டது. ஒரு வரிசையில் ஓர் எண் இரண்டு முறை வந்தால் அந்த அணிக்கு ஒரே சுற்றில் இரண்டு ஆட்டம். கட்டம் காலியாக இருந்தால் ஓர் ஆட்டம் விடுபட்டிருக்கிறது. ஒரே கட்டத்தில் இரண்டு எண் எழுத வேண்டி வந்தால் அதே ஜோடி இரண்டு முறை மோதுகிறது.

சுழற்றாமல், தோன்றியபடி ஜோடி சேர்த்துக்கொண்டே போகிறவர்களுக்கு வேறொரு பொறி காத்திருக்கிறது. ஆறு அணிகள் இருக்கும்போது அது நன்றாகத் தெரியும். ஒரு வகுப்பிலிருந்து மூன்று அணி, அடுத்த வகுப்பிலிருந்து மூன்று அணி என்று வைத்துக்கொள்வோம்: அ, ஆ, இ ஒரு பக்கம், க, ச, த மறுபக்கம். சொந்த வகுப்புக்குள் மோதுவதைக் கடைசிக்கு வைக்கலாம் என்று தோன்றுவது இயல்பு. முதல் மூன்று சுற்றில் இந்தப் பக்கத்து மூவரும் அந்தப் பக்கத்து மூவரோடும் ஆடி முடித்துவிடுகிறார்கள். அதுவரை ஒரு பிழையும் கண்ணில் படாது. மீதமிருப்பது அ–ஆ, அ–இ, ஆ–இ, இன்னொரு பக்கம் க–ச, க–த, ச–த. மூன்று பேருக்குள் ஒரு நேரத்தில் ஓர் ஆட்டம்தான் நடக்கும், ஒருவர் சும்மா நிற்பார். ஐந்து சுற்றில் முடிய வேண்டியது ஆறாகிறது. கடைசி மூன்று சுற்றிலும் ஒவ்வொரு முறையும் இரண்டு அணிகள் உட்கார்ந்திருக்கின்றன. எந்தத் தனி ஆட்டத்தையும் பிழை என்று சுட்ட முடியாது, முதல் மூன்று சுற்றின் அமைப்பே முட்டுச்சந்து. பாதி அணிகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால், அதாவது மொத்தம் 6, 10, 14 அணிகள் என்றால், "முதலில் எதிர்ப்பக்கம், பிறகு சொந்தப் பக்கம்" என்ற ஏற்பாடு கட்டாயம் ஒரு சுற்றை அதிகமாக்கும். 8, 12 அணிகளில் அது சரியாக முடியும். எட்டு அணிக்குச் சரியாக வந்ததே என்று அடுத்த ஆண்டு பத்து அணிக்கும் அதையே செய்யப் போய் மாட்டிக்கொள்வதற்கு இதுதான் காரணம்.

யார் யாரோடு என்பது முடிந்தது. ஆனால் மேலே உள்ள அட்டவணையை அப்படியே ஒட்டிவிட்டால் போட்டி நாளில் வேறொரு புகார் வரும். நான்கு நிரலுக்கும் நான்கு ஆடுகளம், அல்லது ஒரே ஆடுகளத்தில் நான்கு நேரம், அல்லது இரண்டு ஆடுகளத்தில் இரண்டு நேரம் என்று ஒதுக்குகிறோம். எதுவானாலும் அதை 'இடம்' என்று சொல்வோம். 1-ஆம் அணி அசையாததால் அதன் ஏழு ஆட்டமும் முதல் இடத்திலேயே விழும். மற்ற அணிகள் அங்கே ஒவ்வொரு முறைதான் ஆடுகின்றன, மற்ற மூன்று இடங்களிலும் இரண்டிரண்டு முறை. முதல் இடம் நல்ல களமாக இருந்தால் 1-ஆம் அணிக்குச் சலுகை, தினமும் காலையில் முதல் ஆட்டமாக இருந்தால் அதற்குத் தண்டனை.

1-இன் ஆட்டத்தை ஒவ்வொரு சுற்றிலும் வேறு வேறு இடத்தோடு வரிசையாக மாற்றினால் போதும் என்று தோன்றும். அதாவது முதல் சுற்றில் மாற்றமில்லை, அடுத்து இரண்டாம் இடத்தோடு, அடுத்து மூன்றாம் இடத்தோடு, அடுத்து நான்காம் இடத்தோடு. அது 1-ஐச் சரிசெய்துவிட்டு 8-ஐக் கெடுத்துவிடும்: முதல் நான்கு சுற்றிலும் 8 முதல் இடத்தில் வந்து நிற்கும். எல்லோருக்கும் சரியாக வர, மாற்ற வேண்டிய இடங்கள் இவை. இரண்டாவது சுற்றில் கை வைக்க வேண்டாம். முதல், மூன்றாவது சுற்றுகளில் 1-இன் ஆட்டத்தை மூன்றாம் இடத்து ஆட்டத்தோடு மாற்றுங்கள். நான்கு, ஏழு சுற்றுகளில் நான்காம் இடத்தோடு. ஐந்து, ஆறு சுற்றுகளில் இரண்டாம் இடத்தோடு. விளைவு:

```
          இடம் 1  இடம் 2  இடம் 3  இடம் 4
சுற்று 1:   3–6    2–7    1–8    4–5
சுற்று 2:   7–1    8–6    2–5    3–4
சுற்று 3:   8–4    7–5    1–6    2–3
சுற்று 4:   8–2    6–4    7–3    5–1
சுற்று 5:   5–3    1–4    6–2    7–8
சுற்று 6:   4–2    3–1    5–8    6–7
சுற்று 7:   5–6    3–8    4–7    1–2
```

எந்த அணியை எடுத்தாலும் மூன்று இடங்களில் இரண்டிரண்டு முறையும் ஓரிடத்தில் ஒரு முறையும் ஆடுகிறது. ஏழு ஆட்டத்தை நான்கு இடங்களுக்குப் பிரிப்பதில் இதைவிடச் சமமாக்க முடியாது. 8-ஐ எண்ணிப் பாருங்கள்: முதல் இடத்தில் மூன்றாவது, நான்காவது சுற்று. இரண்டாம் இடத்தில் இரண்டாவது, ஏழாவது. மூன்றாம் இடத்தில் முதல், ஆறாவது. நான்காம் இடத்தில் ஐந்தாவது மட்டும்.

இந்த அட்டவணையில் முதலில் எழுதியிருக்கும் அணிக்கும் ஒரு பயன் உண்டு. இரு அணிகளும் ஒரே நிறச் சீருடையில் வந்தால் யார் மாற்றுவது, முதலில் களத்தின் எந்தப் பக்கம் யாருக்கு என்ற கேள்விகளுக்கு "முதலில் எழுதப்பட்ட அணி" என்று ஒரே விதி வைத்துவிடலாம். ஒவ்வோர் அணியும் மூன்று அல்லது நான்கு முறை முதலில் வருகிறது. இதற்காகத்தான் இரட்டைப்படைச் சுற்றுகளில் 1-ஐ இரண்டாவதாக எழுதியிருக்கிறேன். தட்டச்சு செய்யும்போது "சின்ன எண் முன்னால்" என்று திருத்திவிடாதீர்கள். திருத்தினால் 1 ஏழு முறையும் முதலாகவும், 8 ஒரு முறைகூட முதலில் வராமலும் போகும்.

அடுத்தது சுற்றுகளின் வரிசை. சுற்றுகளை முழுசு முழுசாக எப்படி வேண்டுமானாலும் இடம் மாற்றலாம், யார் யாரோடு ஆடுகிறார்கள் என்பது அதனால் கெடாது. எல்லாவற்றையும் ஒன்றிரண்டு நாளில் முடிக்கிறீர்கள் என்றால் மாற்றித்தான் ஆக வேண்டும், இரண்டு காரணங்களுக்காக.

முதலாவது, ஒரே ஆடுகளத்தில் நான்கு ஆட்டமும் ஒன்றன்பின் ஒன்றாக நடந்து உடனே அடுத்த சுற்று தொடங்கினால், ஒரு சுற்றின் கடைசி ஆட்டத்தில் ஆடிய அணி அடுத்த சுற்றின் முதல் ஆட்டத்திலும் இறங்க நேரலாம். மேலே உள்ள வரிசையில் இரண்டாவது சுற்றைக் கடைசியாக முடிக்கும் 4 உடனே 8-ஓடு ஆட வேண்டும். அதே போல மூன்றாவது முடிந்ததும் 2, நான்காவது முடிந்ததும் 5, ஆறாவது முடிந்ததும் 6. மூச்சு வாங்க நேரமில்லாமல் நான்கு அணிகள்.

இரண்டாவது காரணம் எளிதில் கண்ணில் படாது. சுழற்சி முறையில் ஓர் அணி எப்போதும் இன்னொரு குறிப்பிட்ட அணிக்குப் பின்னாலேயே வரும். 6-ஐப் பாருங்கள். நான்காவது சுற்றில் அது சந்திக்கும் 4, அதற்கு முந்தைய சுற்றில் 8-ஓடு ஆடியது. ஐந்தாவது சுற்றில் சந்திக்கும் 2-உம் அப்படியே. ஆறாவதில் 7-உம் ஏழாவதில் 5-உம் அப்படியே. 8 மிக வலுவான அணி என்றால், அதனிடம் ஓடிக் களைத்த எதிரணிகளாகவே நான்கு முறை தொடர்ந்து 6-க்குக் கிடைக்கின்றன. சுற்றுக்கு ஒரு வாரம் இடைவெளி இருந்தால் இது பெரிதில்லை. ஒரே நாளில் நடந்தால் புள்ளிப்பட்டியலில் தெரியும்.

இரண்டையும் ஒரே மாற்றத்தில் சரிசெய்யலாம். சுற்றுகளை 1, 2, 4, 3, 7, 5, 6 என்ற வரிசையில் நடத்துங்கள். ஒரு சுற்றிலிருந்து அடுத்ததற்குத் தாவும் தூரம் ஒழுங்கில்லாமல் இருப்பதால் "பின்னாலேயே வருவது" சிதறிவிடுகிறது. 8-ஓடு ஆடிவிட்டு நேரே 6-இடம் வருவது ஒரே ஒரு முறை, 7-ஆம் அணி மட்டும்தான். கடைசி ஆட்டம் முடிந்த கையோடு மறுபடி இறங்குவதும் இந்த வரிசையில் ஒரு முறைகூட இல்லை. இடங்களை மேலே உள்ள அட்டவணைப்படியே வைத்துச் சுற்றுகளை மட்டும் மாற்றினால்தான் இது பொருந்தும். மாற்றிய பிறகு சுற்றுகளுக்குப் புதிதாக 1 முதல் 7 வரை எண் கொடுத்துவிட்டு ஒட்டுங்கள். பழைய எண்ணும் புதிய எண்ணும் கலந்து இரண்டு தாள்கள் சுற்றிக்கொண்டிருந்தால் ஏதாவது ஓர் அணி தவறான நாளில் வந்து நிற்கும்.

அணிகளுக்கு எண் கொடுப்பது எல்லாவற்றுக்கும் கடைசியில், அணித்தலைவர்கள் முன்னிலையில் சீட்டு குலுக்கி. அட்டவணை எண்களோடு முதலிலேயே தயாராக இருக்க வேண்டும். பெயரைப் போட்டுவிட்டு அட்டவணையைத் திருத்தத் தொடங்கினால், யாருக்காகத் திருத்துகிறீர்கள் என்ற கேள்வி வரும். போன ஆண்டு முதலிரண்டு இடம் பெற்ற அணிகள் கடைசிச் சுற்றில் மோத வேண்டும் என்று விரும்பினால் அந்த இரண்டுக்கு மட்டும் எண்ணை முன்பே ஒதுக்கிவிட்டு, மீதி ஆறுக்குச் சீட்டு எடுங்கள். சுற்றுகளை மாற்றாமல் நடத்தினால் அந்த எண்கள் 1, 2. நான் சொன்ன வரிசையில் நடத்தினால் கடைசியில் வருவது பழைய ஆறாவது சுற்று, ஆகவே 1, 3.

இனி ஏழு அணிகள். ஏழு அணி என்றால் ஆறு சுற்று போதும் என்று பலர் எண்ணிவிடுகிறார்கள், போதாது. 7 × 6 ÷ 2 = 21 ஆட்டம். ஒரு சுற்றில் மூன்று ஆட்டம்தான் நடக்கும், ஏழாவது அணிக்கு ஜோடி இல்லை. ஆகவே எட்டு அணிக்கு ஆகும் அதே ஏழு சுற்று வேண்டும். சுற்று குறையாது, ஆட்டம்தான் குறையும்.

செய்ய வேண்டியது இதுதான்: 1-ஆம் எண்ணை அழித்துவிட்டு அங்கே 'ஓய்வு' என்று எழுதுங்கள். அணிகள் 2 முதல் 8 வரை எண் பெறுகின்றன. முதலில் போட்ட, இடம் மாற்றாத அட்டவணையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முதல் நிரலில் 'ஓய்வு'க்கு எதிரே வரும் அணிக்கு அந்தச் சுற்றில் ஆட்டம் இல்லை. முதல் சுற்றில் 8, அடுத்து 7, 6, 5, 4, 3, கடைசியில் 2. ஒவ்வோர் அணிக்கும் ஒரே ஒரு ஓய்வு. 'ஓய்வு' அசையாத மூலையில் நிற்பதால் இன்னொரு நன்மையும் சேர்கிறது: மீதி மூன்று நிரல்களிலும் ஒவ்வோர் அணியும் சரியாக இரண்டிரண்டு முறை ஆடுகிறது, முதலில் எழுதப்படுவதும் மூன்று, இரண்டாவதாக எழுதப்படுவதும் மூன்று. எட்டு அணிக்குச் செய்த இடமாற்றம் எதுவும் இங்கே வேண்டாம், செய்தால் இந்தச் சமநிலை கெடும்.

ஏழு அணிகள் உறுதி, எட்டாவது வருமா என்று தெரியவில்லை என்ற நிலையிலும் 'ஓய்வு' என்ற எண் கைகொடுக்கும். முதல் சுற்று தொடங்கும் முன் அந்த அணி வந்துவிட்டால் 'ஓய்வு' என்ற இடத்தில் அதன் பெயரை எழுதினால் போதும், மற்றவர்களின் ஆட்டத்தில் ஒன்றுகூட மாறாது. இடங்களை மட்டும் எட்டு அணி அட்டவணைப்படி எடுத்துக்கொள்ளுங்கள். ஓய்வு இருக்கும்போது புள்ளிப்பட்டியலில் 'ஆடியது' என்ற நிரலை விட்டுவிடாதீர்கள். முதல் சுற்றில் ஓய்வெடுத்த அணி கடைசிச் சுற்று வரை, இன்னும் ஓய்வெடுக்காத அணிகளைவிட ஓர் ஆட்டம் குறைவாகவே ஆடியிருக்கும். அந்த நிரல் இல்லாவிட்டால் அது பின்தங்கிவிட்டதாகப் பையன்கள் நினைத்துக்கொள்வார்கள்.

போட்டி தொடங்கிய பிறகு ஓர் அணி விலகினால் அட்டவணையைப் புதிதாகப் போடவே கூடாது. 5 விலகியது என்றால் 5 என்ற எண்ணே 'ஓய்வு' ஆகிவிடுகிறது, அந்தந்தச் சுற்றில் அதைச் சந்திக்க வேண்டியவருக்கு ஓய்வு. புதிதாகச் சுழற்றினால் ஏற்கெனவே நடந்த ஆட்டங்கள் மறுபடி வரும். சிக்கல் அட்டவணையில் இல்லை, புள்ளியில் இருக்கிறது: 5-ஓடு ஆடி வென்ற அணிக்குப் புள்ளி உண்டு, இன்னும் ஆடாத அணிக்கு என்ன? உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு ரவுண்ட் ராபினுக்கு வைத்திருக்கும் விதி பள்ளிக்கும் நன்றாகப் பொருந்தும். விலகியவர் தன் ஆட்டங்களில் பாதிக்குக் குறைவாக ஆடியிருந்தால் அவரது முடிவுகள் எதுவும் இறுதிக் கணக்கில் சேராது. பாதியோ அதற்கு மேலோ ஆடியிருந்தால் மீதி ஆட்டங்கள் எதிராளிகளுக்கு வெற்றியாகப் போகும். ஏழு ஆட்டத்தில் மூன்று ஆடி விலகினால் அழித்துவிடுவது, நான்கு ஆடி விலகினால் மீதி மூன்றையும் எதிரணிகளுக்குக் கொடுப்பது. இதைச் சீட்டு குலுக்கும் தாளிலேயே எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். விலகிய பிறகு முடிவு செய்தால் எந்த முடிவும் யாரோ ஓர் அணிக்குச் சாதகமாகத்தான் இருக்கும்.

மழையோ தேர்வோ குறுக்கிட்டால் முழுச் சுற்றாகத் தள்ளிவையுங்கள். ஒரு சுற்றின் ஓர் ஆட்டத்தை மட்டும் உருவி அடுத்த சுற்றின் நாளில் செருகினால் 'ஒரு சுற்றில் ஓர் ஆட்டம்' என்ற விதி உடனே உடையும். மூன்றாவது சுற்றின் 2–3 ஆட்டத்தை நான்காவது சுற்றின் நாளுக்குக் கொண்டுபோனால், அன்று 2-க்கு 8-ஓடும் 3-க்கு 7-ஓடும் ஏற்கெனவே ஆட்டம் இருக்கிறது, இரு அணிகளும் இரண்டு முறை இறங்க வேண்டும். அப்படி ஓர் ஆட்டம் மட்டும் நின்றுபோனால் அதை ஏழு சுற்றும் முடிந்தபின் தனியாக வையுங்கள். நாள்களைக் குறிக்கும்போதே ஏழு சுற்றுக்குப் பிறகு ஓர் அரைநாளைக் காலியாக விட்டுவையுங்கள். ஆட்டத்துக்கு 30 நிமிடம், இடையில் 10 நிமிடம் என்று வைத்தால் ஒரே ஆடுகளத்தில் ஒரு சுற்றுக்கு 2 மணி 30 நிமிடம் ஆகும். அந்த அரைநாளில் ஒரு முழுச் சுற்றும் அடங்கிவிடும்.